ஒன்பது கட்டங்கள், ஒரே பாட்டு

கேள்வி: ஒன்பது நண்பர்கள் தனித்தனியே அனுப்பும் வாழ்த்து வீடியோக்களை ஒரே திரையில் கட்டம் கட்டமாகக் காட்டி, கடைசியில் எல்லோரும் சேர்ந்து பிறந்தநாள் பாட்டுப் பாடுவதுபோல் அமைப்பது எப்படி?

பதில்: எல்லோரும் கைப்பேசியைக் கிடைமட்டமாகப் பிடித்து, 16:9 விகிதத்தில் பதிவு செய்யட்டும். மூன்றுக்கு மூன்று என்று அடுக்கும்போது 1920×1080 திரையில் ஒவ்வொரு கட்டமும் 640×360 ஆக, எதையும் வெட்டாமல் கச்சிதமாகப் பொருந்தும். ஒருவர் மட்டும் நெடுக்காக எடுத்தனுப்பினால் அவர் கட்டத்தின் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும்.

தனி வாழ்த்துகளின்போது பேசுபவரின் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எட்டையும் அடக்கிவிடுங்கள். இல்லையேல் சந்தை இரைச்சல்தான் கேட்கும். தம் முறை வரும்வரை அந்த எட்டுப் பேரும் உறைந்த படமாக நிற்காதிருக்க, பேசாமல் கேமராவைப் பார்த்துப் புன்னகைக்கும் பத்து நொடிகளையும் தனியாகக் கேட்டு வாங்கி, தேவைப்படும்வரை திரும்பத் திரும்ப ஓடவிடலாம்.

உண்மையான சிக்கல் சேர்ந்து பாடுவதில்தான் இருக்கிறது. வீடியோ அழைப்பில் ஒன்றாகப் பாடவைத்தால் இணையத் தாமதத்தால் தாளம் சிதறும். ஆகவே நீங்கள் பாடிய வழிகாட்டி ஒலிப்பதிவு ஒன்றை முன்கூட்டியே அனுப்புங்கள். அதன் தொடக்கத்தில் நான்கு எண்ணிக்கையும், அதையடுத்து ஒரு கைத்தட்டலும் இருக்கட்டும். நண்பர்கள் அதை வேறொரு கருவியில், இயர்போனில் கேட்டபடி, அதே கணத்தில் தாமும் தட்டிவிட்டுப் பாட வேண்டும். எடிட்டிங் மென்பொருளின் ஒலி அலைவடிவத்தில் அந்தத் தட்டல் கூர்முனையாகத் தெரியும். ஒன்பது முனைகளையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தினால் போதும். தொடக்கத்தில் பொருந்திய உதட்டசைவு போகப்போக விலகினால், அந்தக் கைப்பேசி மாறும் பிரேம் வேகத்தில் பதிவு செய்திருக்கக்கூடும். அக்கோப்பை நொடிக்கு 30 பிரேம் என்ற நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.