'ஹை' என்றால் சம்மதமா?

கேள்வி: ஜப்பான் கம்பெனிக்காரர்களோடு வியாபாரம் பேசுகிறேன். பேச்சு முழுக்க 'ஹை, ஹை' என்று தலையாட்டுகிறார்கள். கடைசியில் முடியாது என்கிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: இல்லை. அவர்கள் சம்மதிக்கவே இல்லை. சம்மதித்ததாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். பாட்டி கதை சொல்லும்போது 'ம்' கொட்டுவோமே, அந்த 'ம்'தான் உங்கள் காதில் விழுந்த 'ஹை'.

ஜப்பானிய மொழியில் இதற்குத் தனிப் பெயரே உண்டு: ஐஸுச்சி. கொல்லன் பட்டறையில் ஆசான் ஒரு அடி அடிக்க, எதிரில் நிற்பவர் மறு அடி போடுவாரே, அந்த எதிரடிக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பேச்சிலும் அப்படித்தான். நீங்கள் ஒரு துண்டு பேசினால், கேட்பவர் ஒரு 'ஹை' போட வேண்டும். நெருங்கியவர்களிடம் அதுவே 'உன்' ஆகிவிடும். தொலைபேசியில் கேட்பவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால், பேசுகிறவர் 'மொஷி மொஷி?' என்று லைன் இருக்கிறதா என்று பார்ப்பார்.

அந்த 'ஹை' எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். ஜப்பானிய மொழியிலும் தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில்தான் வரும். 'அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்' என்கிறீர்கள், ஹை. 'ஐந்நூறு பெட்டி' என்கிறீர்கள், ஹை. 'தர முடியுமா?' என்பது இனிமேல்தான் வரப்போகிறது. இன்னும் கேட்காத கேள்விக்கு அவர் எப்படிச் சம்மதம் சொல்லியிருக்க முடியும்? நாள் காதில் விழுந்தது, எண்ணிக்கை காதில் விழுந்தது, அவ்வளவுதான். கேள்வி முடிந்ததும் 'ஹை...' என்று இழுத்து, மூச்சை உள்ளிழுத்து, 'சொத்தோ முஸுகாஷீ தெஸு நே' என்பார். 'கொஞ்சம் கஷ்டம்தான்' என்று அர்த்தம். வியாபாரத்தில் அது பெரும்பாலும் மறுப்புதான். பேரம் தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டு நீங்கள் விலையைக் கூட்டிக் கொடுத்தால் நஷ்டம் உங்களுக்கு.

முழுக் கேள்விக்குப் பின்னால் தயக்கமில்லாமல் வரும் 'ஹை' உண்மையான ஆமாம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலையை ஏற்றுக்கொள்பவர் பெரும்பாலும் ஒற்றை 'ஹை'யோடு நிறுத்த மாட்டார். 'ஷோச்சி ஷிமாஷிதா', அதாவது ஏற்றுக்கொண்டேன் என்பார். 'வகாரிமாஷிதா' என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். 'புரிந்தது' என்பதோடு அது நின்றுவிடவும் கூடும். இங்கிலீஷில் பேசினாலும் பலருக்கு இந்தப் பழக்கம் விடாது. 'எஸ், எஸ்' என்று அதே தாளத்தில் கொட்டுவார்கள்.

அடுத்த முறை 'வெள்ளிக்குள் முடியுமா?' என்று கேட்காதீர்கள். 'எந்தத் தேதிக்கு எத்தனை பெட்டி தருவீர்கள்?' என்று கேளுங்கள். அதற்கு 'ஹை' மட்டும் பதிலாகாது. தேதியை அவர் வாயாலேயே சொல்லியாக வேண்டும்.