'இன்ஷா அல்லாஹ்' சொல்லிவிட்டார், டிக்கெட் போடலாமா?

கேள்வி: ஷார்ஜாவில் கணக்கு வேலை பார்க்கிறேன். தங்கை கல்யாணத்துக்கு 20 நாள் லீவு கேட்டேன். அரபி மேனேஜர் "இன்ஷா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். "அப்படின்னா கிடையாதுன்னு அர்த்தம்" என்கிறார்கள் ரூமில் இருப்பவர்கள். டிக்கெட் போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். ஆனால் ரூம்காரர்கள் சொல்வதும் சரியில்லை.

'அல்லாஹ் நாடினால்' என்பதுதான் அந்தச் சொல். 'நாளை இதைச் செய்வேன்' என்று எதைப் பற்றியும் இதைச் சேர்க்காமல் சொல்லாதே என்று குர்ஆனின் கஹ்ஃப் அத்தியாயம் (18:23-24) சொல்கிறது. அதனால் நிச்சயமாக நடக்கப்போவதற்கும் அதைச் சேர்ப்பார்கள். அரபு கிறிஸ்தவர்களும் சொல்வார்கள். வளைகுடாவில் மேலதிகாரி ஒரு வேலை சொல்லும்போது கீழே இருப்பவர் "இன்ஷா அல்லாஹ்" என்றால், "சரி, செய்கிறேன்" என்றே பொருள்.

உங்கள் விஷயத்தில் கேட்டவர் நீங்கள், கொடுக்க வேண்டியவர் அவர். முகத்துக்கு நேரே "லா", அதாவது 'இல்லை', என்பது கேட்பவரை அவமானப்படுத்துவது போல ஆகிவிடும் என்பதால், மறுக்க நினைப்பவரும் இதையே சொல்வார். நம் ஊர் "பார்க்கலாம்" மாதிரி.

குரலை வைத்து எடை போடாதீர்கள், ஏமாற்றும். கூடவே என்ன வருகிறது என்று கவனியுங்கள். 'சரி' என்ற பொருளில் "தமாம், இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு, "மாசக் கடைசி கணக்கை யார் முடிப்பார்?" என்று திருப்பிக் கேட்டால், லீவைப் பற்றி நிஜமாகவே யோசிக்கிறார். "புக்ரா, இன்ஷா அல்லாஹ்" என்றால் அகராதிப்படி நாளை. பேச்சில் பல நேரம் 'இன்றைக்கு இல்லை' என்பது மட்டும்தான். 'நல்லதே நடக்கும்' என்பது போல "இன்ஷா அல்லாஹ், ஹைர்" என்று சொல்லியபடி போனை எடுத்தால் பேச்சை முடிக்கிறார்.

அடுத்து, லீவு ஃபார்மில் தேதிகளை எழுதி, உங்கள் வேலையை யார் பார்ப்பார் என்றும் குறித்து, அவர் தனியாக இருக்கும்போது கொடுங்கள். நாலு பேர் முன்னால் கேட்டால் மறுபடியும் அந்த ஒற்றைச் சொல்தான் வரும். "லீவு உண்டா?" என்று கேட்காமல், "கையெழுத்துக்கு எந்த நாள் வரட்டும்?" என்று கேளுங்கள். "வியாழன், இன்ஷா அல்லாஹ்" என்றால் வியாழக்கிழமை ஃபார்மோடு போய் நில்லுங்கள். இரண்டு முறை கேட்டும் நாள் சொல்லவில்லை என்றால் அந்த 20 நாள் கிடைக்காது என்று எடுத்துக்கொண்டு, கல்யாணத்தைச் சுற்றி 12 நாளாகக் குறைத்து வேறு ஃபார்ம் நீட்டுங்கள். அவர் மறுத்ததாகவே ஆகாமல் சம்மதிக்க அது வழி விடும்.

"இன்ஷா அல்லாஹ் வேண்டாம், யெஸ்ஸா நோவா சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இறைவன் பெயரை விட்டுவிட்டுப் பேசு என்பதாகத்தான் அது அவர் காதில் விழும். கிடைக்க இருந்த லீவும் போய்விடும்.

கையெழுத்து விழுந்த பிறகு டிக்கெட் போடுங்கள். கிளம்பும் நாளில், பத்திரமாகப் போய்த் திரும்பி வா என்று "தரூஹ் வ தர்ஜஅ பிஸ்ஸலாமா, இன்ஷா அல்லாஹ்" என்பார். அது மனசார வருவது. நீங்களும் "இன்ஷா அல்லாஹ்" என்றே பதில் சொல்லுங்கள்.