சரக்கு தேங்கினாலும் விகிதம் ஏறும்: மந்தமான ஆண்டைத் தாங்குமா தொழிற்சாலை?

கேள்வி: குளுவாங்கில் தோட்டத்தை ஒட்டியிருக்கும் ரப்பர் மரத் தளவாடத் தொழிற்சாலைக்கு என் லாரிகள் ஓடுகின்றன. மாத வாடகை சுமார் 18,000 ரிங்கிட். அமெரிக்க ஆர்டர்கள் குறைவதால், 30 நாள் தவணையை 90 நாளாக நீட்டிக்கும்படி முதலாளி கேட்கிறார். தணிக்கை செய்த கணக்கையும் காட்டினார். நடப்பு விகிதம் 1.46இலிருந்து 1.6ஆக உயர்ந்திருக்கிறது. கடன், பங்கு மூலதனத்தில் முக்கால் பங்குதான். நம்பித் தவணை கொடுக்கலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய கணக்குப் பக்கங்களை முழுவதும் பார்த்தேன். 90 நாள் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. முதலாளி பொய் சொல்லவில்லை. அவர் காட்டிய இரண்டு விகிதங்களும் சரியானவைதான். ஆனால் மந்தமான ஆண்டைத் தாங்க முடியுமா என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை.

முதலில் 1.6 எப்படி வந்தது என்று பாருங்கள். ஓராண்டுக்குள் பணமாகும் என்று கணக்கில் காட்டப்படும் சொத்து 96 லட்சம், ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடன் 60 லட்சம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் நடப்பு விகிதம். அந்த 96 லட்சத்தில் ரொக்கம் 4 லட்சம், வரவேண்டிய பாக்கி 32 லட்சம், சரக்கிருப்பு 60 லட்சம். முந்தைய ஆண்டில் ரொக்கம் 10 லட்சமாகவும் சரக்கு 44 லட்சமாகவும் இருந்தன. ஆக, ரொக்கம் கரைந்து சரக்கு தேங்கியிருக்கிறது. விகிதம் உயர்ந்ததற்குக் காரணமே அதுதான். விற்காத நாற்காலியும் கூட்டலில் சொத்தாகவே நிற்கும் என்பதால், விற்பனை படுக்கத் தொடங்கும் ஆண்டில் நடப்பு விகிதம் அழகாகத் தெரிவது வழக்கம்.

சரக்கை எடுத்துவிட்டுப் பார்ப்பதுதான் விரைவு விகிதம். ரொக்கமும் பாக்கியும் சேர்ந்து 36 லட்சம், கட்ட வேண்டியது 60 லட்சம், அதாவது 0.6. இத்தோடு நிறுத்திவிடாமல், கணக்கின் பின்பக்கக் குறிப்புகளையும் படியுங்கள். 32 லட்சம் பாக்கியில் 9 லட்சம், அதே முதலாளியின் இன்னொரு நிறுவனத்திடமிருந்து வரவேண்டியது. மந்தமான காலத்தில் அந்தப் பணம் திரும்பி வரும் என்று நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். அதைக் கழித்தால் விகிதம் 0.45. அடுத்த பன்னிரண்டு மாதத்தில் கட்ட வேண்டிய ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும், சரக்கு விற்காத வரை, 45 சென் மட்டுமே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

சரி, அந்தச் சரக்கு விற்குமா? உற்பத்திச் செலவோடு ஒப்பிட்டால், முன்பு சுமார் 107 நாளுக்கான சரக்கு இருந்தது. இப்போது 150 நாளுக்கு இருக்கிறது. அது எந்த உருவில் கிடக்கிறது என்பதுதான் முக்கியம். உலர்த்திய பலகையாக இருந்தால் வேறொரு தொழிற்சாலை வாங்கும். ஆனால் ரப்பர் மரம் மருந்தும் உலர்த்தலும் சரியாக இல்லாவிட்டால் நீலக்கறை படியும், பூச்சி துளைக்கும். நாள் ஆக ஆக மதிப்பு இறங்கும். ஓர் அமெரிக்க வாடிக்கையாளரின் வடிவத்தில் வண்ணம் பூசி, அவருடைய பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டியில் போட்டுவிட்ட நாற்காலியாக இருந்தால், அவர் வேண்டாம் என்ற நாளில் வாங்க வேறு ஆள் கிடைப்பது கடினம். சரக்கிருப்புக் குறிப்பில் மூலப்பொருள், வேலையில் இருப்பது, முடிந்த பொருள் என்று பிரித்துக் காட்டியிருப்பார்கள். கூடுதலான 16 லட்சம் முடிந்த பொருளில் ஏறியிருக்கிறதா என்று அங்கே பாருங்கள். உங்கள் லாரிகள்தானே கிடங்குக்குப் போகின்றன! ஓட்டுநரிடம் கேட்டால், எந்தப் பெட்டிகள் தூசி படிந்து நகராமல் கிடக்கின்றன என்று சொல்லிவிடுவார்.

அடுத்து கடன். வங்கிக் கடன் 64 லட்சம், பங்கு மூலதனம் 84 லட்சம், அதாவது 0.76. இந்தத் தொழிலுக்கு இது பயப்பட வேண்டிய அளவு இல்லை. ஆனால் ஒரு மந்தமான ஆண்டில் நிறுவனத்தை நெருக்குவது கடனின் மொத்த அளவைவிட, அது எப்போது திரும்பக் கேட்கப்படும் என்பதுதான். இந்த 64இல் 28 லட்சம் ஓவர்டிராஃப்டும், வங்கி ஏற்பு உண்டியல்களும். ஓவர்டிராஃப்டை வங்கி எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். ஏற்பு உண்டியல், வாங்கிய அல்லது விற்ற சரக்கின் விலைப்பட்டியலைக் காட்டிப் பெறும் குறுகிய காலக் கடன். வியாபாரம் குறைந்தால் காட்ட விலைப்பட்டியலும் குறையும். பழைய உண்டியல் முதிர்ந்து பணம் கட்டும் நாளில், அதே தொகைக்குப் புதியது எடுக்க முடியாது. ஆகவே பணம் அதிகம் தேவைப்படும் மாதங்களில்தான் இந்தக் கடன் தானாகச் சுருங்கும்.

இனி மந்தமான ஆண்டை நாமே போட்டுப் பார்க்கலாம். சென்ற ஆண்டு விற்பனை 180 லட்சம். மரம், பசை, வண்ணம், துண்டுக் கூலி, ஏற்றுமதிச் செலவு என்று விற்பனையோடு ஏறி இறங்கும் செலவு, என் மதிப்பீட்டில் 100க்கு 68. மிஞ்சும் 32இலிருந்துதான் மற்ற எல்லாம். மாதச் சம்பளம், வாடகை, காப்பீடு போன்ற அசையாத செலவு 36 லட்சம். வட்டி 4 லட்சம், அசல் தவணை 10 லட்சம். சென்ற ஆண்டு 57.6 லட்சம் மிஞ்சி, அசையாத செலவு போக 21.6 லட்சம் கையில் நின்றது. அதிலிருந்து 14 லட்சம் கட்டுவது சிரமமாக இல்லை.

விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 144 லட்சம் ஆனால் மிஞ்சுவது 46 லட்சம். 36ஐக் கழித்தால் 10 லட்சம். கட்ட வேண்டியதோ 14. குறையும் 4 லட்சத்துக்கு, இருக்கும் ரொக்கம் முழுவதும் போய்விடும். இந்தக் கணக்கில் வரியையோ வங்கி சுருக்கும் கடனையோ நான் சேர்க்கவே இல்லை. பின்னோக்கிப் போட்டால், விற்பனை 156 லட்சத்துக்குக் கீழே போனால், அதாவது 13 சதவீதம் குறைந்தாலே, தொழில் தன் வட்டியையும் தவணையையும் தானே கட்ட முடியாது.

விற்பனை குறையும்போது பழைய பாக்கி வசூலாகிக் கொஞ்சம் பணம் வரும். மரம் வாங்குவதை நிறுத்திச் சரக்கைக் கரைத்தாலும் பணம் வரும். சரக்கில் 10 லட்சம் உண்மையில் விற்றுவிட்டால் இந்த நிறுவனம் ஓராண்டைத் தள்ளிவிடும். கணக்கும் பழையது. தனியார் நிறுவனம் ஆண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் கணக்கை உறுப்பினர்களுக்கு அனுப்பினால் போதும் என்பதால், நீங்கள் பார்ப்பது அரையாண்டுக்கு முந்தைய நிலையாக இருக்கலாம். இதற்குள் சரக்கு நகர்ந்திருந்தால் நல்லது. ஆகவே, கடந்த மாத இறுதிச் சரக்குப் பட்டியலையும், பாக்கிகளை நாள்வாரியாகப் பிரித்த பட்டியலையும் முதலாளியிடம் கேளுங்கள். 90 நாள் கடன் கேட்பவரிடம் இதைக் கேட்பது தவறில்லை. எந்தச் சொத்து எந்த வங்கியில் அடமானம் என்பதை நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம் பதிவேட்டில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம்.

உங்கள் பக்கம் பாருங்கள். 30 நாள் தவணையில், மாத இறுதியில் உங்களுக்கு வரவேண்டியது அதிகபட்சம் இரண்டு மாத வாடகை, 36,000 ரிங்கிட். 90 நாளானால் நான்கு மாத வாடகை, 72,000. உங்களிடம் அடமானம் எதுவும் இல்லை. நிறுவனம் மூடப்பட்டால், அடமானம் பெற்ற வங்கிக்குப் பிறகே உங்களுக்கு வரும். 45 நாளுக்குச் சம்மதியுங்கள். பாக்கி 45,000 ரிங்கிட்டைத் தாண்டினால் அடுத்த லோடு ஏற்றுவதில்லை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே வேலை செய்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், ஊழியர் சேம நிதி ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் கணக்கில் ஏறுகிறதா என்று விசாரியுங்கள். அது இரண்டு மாதம் தொடர்ந்து தாமதமானால், அடுத்த தணிக்கைக் கணக்குக்குக் காத்திராமல் லாரியை நிறுத்திவிடுங்கள்.