கத்தரிக்காயிலும் உருளைக்கிழங்கு விஷம் உண்டா?

கேள்வி: "கத்தரிக்காய் நைட்ஷேட் குடும்பமாமே? பச்சை பிடித்த உருளைக்கிழங்கில் இருக்கிற அதே விஷம் இதிலும் இருக்கிறதா? ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருந்த கத்தரிக்காயை வெட்டினால் உள்ளே பழுப்பு, விதை எல்லாம் கறுப்பு. பயந்துபோய் குப்பையில் போட்டுவிட்டேன். உருளைக்கிழங்கு மாதிரி இதற்கும் தோல் சீவ வேண்டுமா?"

குடும்பம் அதேதான். சோலனேசியே என்கிற நைட்ஷேட் குடும்பத்தில் சோலனம் என்று ஒரு பேரினம் இருக்கிறது. கத்தரி, உருளை, தக்காளி மூன்றும் அதற்குள்ளேயே வருகின்றன, அதாவது தூரத்துச் சொந்தம்கூட இல்லை, பங்காளிகள். ஆனால் விஷம் அதே விஷம் இல்லை. தோலும் சீவ வேண்டாம். நீங்கள் பார்த்த கறுப்பு விதைக்கும் இந்த விஷத்துக்கும் சம்பந்தமே இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நைட்ஷேட் என்ற பெயரே கிளப்பிவிடும் பயத்தைத் தள்ளி வைப்போம். அந்தப் பெயரைக் கேட்டதும் பலர் நினைப்பது பெல்லடோனா என்ற கொடிய செடியை. அதில் இருப்பது அட்ரோபின், ஊமத்தையில் இருக்கும் வகையறா. அதுவும் இதே குடும்பம்தான், ஆனால் வேறு கிளை, வேறு வேதிப்பொருள். கத்தரிக்காயிலோ உருளைக்கிழங்கிலோ நாம் கவலைப்பட வேண்டிய பொருள் அது இல்லை.

சரி, கவலைப்பட வேண்டியது எது? கிளைக்கோஆல்கலாய்டு என்று ஒரு வகைப் பொருள். பூச்சியும் பூஞ்சையும் தன்னைத் தின்றுவிடாமல் இருக்க செடி தானே தயாரித்துக்கொள்ளும் கசப்பு மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கில் இருக்கும் இரண்டு பெயர்கள் சோலனைன், சாகோனைன். கத்தரிக்காயில் இருப்பவை சோலசோனைன், சோலமார்ஜின். பெயர்கள் ஒலிப்பதிலேயே உறவு தெரிகிறது இல்லையா? இந்த மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாகம்: உள்ளே ஒரு உடம்பு, வெளியே சர்க்கரையால் ஆன ஒரு சட்டை. சோலனைனும் சோலசோனைனும் போட்டிருப்பது ஒரே சட்டை. சாகோனைனும் சோலமார்ஜினும் போட்டிருப்பது இன்னொரு சட்டை. உள்ளே இருக்கும் ஆள்தான் வேறு, உருளையில் சோலனிடின், கத்தரியில் சோலசோடின். வேலை ஏறக்குறைய ஒன்றுதான், அளவு மிஞ்சினால் குடலின் செல் சவ்வைக் குலைக்கும். அதனால் "கத்தரிக்காயில் சோலனைன் இருக்கிறது" என்று எழுதுபவர்கள் பெயரில் தப்பு செய்கிறார்கள், ஆனால் முழுக்கவே கற்பனை செய்யவில்லை.

உண்மையான வித்தியாசம் பெயரில் இல்லை, அந்தப் பொருள் எப்போது கூடுகிறது என்பதில்தான் இருக்கிறது. உருளைக்கிழங்கு பறித்த பிறகும் உயிரோடு இருக்கும் ஒரு தண்டு. வெளிச்சம் பட்டால், அடிபட்டால், முளைக்க ஆரம்பித்தால் அது பதற்றத்தில் இந்த மருந்தைக் கூடுதலாகத் தயாரிக்கிறது, முக்கியமாகத் தோலிலும் தோலை ஒட்டியும் முளையிலும் முளைக் கண்ணைச் சுற்றியும். பச்சை நிறம் வேறு விஷயம், அது வெறும் பச்சையம், தீங்கில்லாதது. ஆனால் பச்சையத்தை வரவழைத்த அதே வெளிச்சம்தான் சோலனைனையும் ஏற்றியிருக்கும் என்பதால் பச்சை நமக்கு ஒரு எச்சரிக்கை விளக்கு. கத்தரிக்காய் அப்படி அலமாரியில் உட்கார்ந்தபடி முளைவிடப் போவதில்லை. அதில் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ரகமும் முற்றலும்தான். பச்சைக் கத்தரிக்காயின் பச்சை அந்த ரகத்தின் இயல்பு நிறம், அதைப் பச்சை உருளைக்கிழங்கோடு சேர்த்துப் பார்க்காதீர்கள்.

ஒரு கணக்கு போட்டால் எல்லாம் தெளிவாகும். உருளைக்கிழங்கில் 100 கிராமுக்கு 20 மில்லிகிராம் என்பது நீண்ட நாளாகப் புழங்கும் மேல் வரம்பு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் உருளைக்கிழங்கு விஷயத்தில் சொன்னது, உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் போனாலே வாந்தி, வயிற்றுவலி மாதிரியான தொந்தரவு தொடங்கலாம் என்று. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 மில்லிகிராம். நல்ல கிழங்கில் 100 கிராமுக்கு 5 மில்லிகிராம் என்று வைத்தால் அவர் ஒரே வேளையில் 1,200 கிராம் சாப்பிட வேண்டும், அதுவும் தோலோடு. வரம்பைத் தொட்ட 20 மில்லிகிராம் கிழங்கு என்றால் 300 கிராமே போதும், இரண்டு பெரிய கிழங்கு! 15 கிலோ குழந்தைக்கு 75 கிராம். அதனால்தான் பச்சைக் கிழங்கு விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருக்கிறேன். 1979-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான அறிக்கை ஒன்று உண்டு: பள்ளிக்கூடத்தில் முந்தைய பருவத்தில் மிஞ்சிப்போன மூட்டையிலிருந்து சமைத்த கிழங்கைச் சாப்பிட்டு 78 மாணவர்களுக்கு உடம்பு முடியாமல் போனது, அதில் 17 பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள், எல்லோரும் பிழைத்தார்கள். கிழங்கு வேகவைத்ததுதான். இந்தப் பொருள் சிதைய 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், கொதிநீர் 100-ஐத் தாண்டாது, பொரிக்கும் எண்ணெயும் பெரும்பாலும் 180-ஐத் தாண்டாது.

கத்தரிக்காயில் இந்த மாதிரி திடீர் ஏற்றம் வருவதில்லை. சாப்பாட்டுக்கென்று வளர்க்கும் ரகங்களில், சரியான பருவத்தில் பறித்த காயில், இந்த அளவு பொதுவாக அந்த 20 வரம்புக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அப்புறம், காய் செடியிலேயே முற்றி மஞ்சளாகிப் பழுத்தால் கத்தரியில் அது கூடுகிறது, தக்காளியில் பழுக்கப் பழுக்கக் குறைவதற்கு நேர் எதிராக. ஆகவே பார்க்க வேண்டியது மஞ்சள் ஓடிய தோல், கடினமான பழுப்பு விதை, நாக்கில் நிற்கும் கசப்பு. அப்படி இருந்தால் அந்தக் காயை விட்டுவிடுங்கள். வாயில் வைத்துப் பார்த்துக் கசந்தால் துப்பிவிடுவது இரண்டு காய்க்குமே நல்ல சோதனை. உருளையில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் வாக்கிலேயே கசப்பு தெரிய ஆரம்பித்துவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைப்பதைப் பற்றியும் கேட்பார்கள். அது கசப்பைக் கொஞ்சம் இழுக்கும், முற்றிய காயை நல்ல காயாக மாற்றாது. கத்தரி இலையையும் பூவையும் மட்டும் சமைக்காதீர்கள், அவற்றில் காயைவிட அதிகம்.

வெட்டி வைத்த துண்டு பத்து நிமிடத்தில் பழுப்பாவது குளோரோஜெனிக் அமிலம் காற்றுப்பட்டு நிறம் மாறுவது, ஆப்பிள் மாறுகிறதே, அதே கதை. சிலருக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டால் வாய் அரிப்பதும் இந்த விஷத்தால் இல்லை, ஒவ்வாமையாகவோ காயில் இருக்கும் ஹிஸ்டமினாலோ வருவது. ஒவ்வொரு முறையும் அரித்தால், உதடு வீங்கினால், சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் ஃப்ரிட்ஜ் காய்க்கு வருவோம். கத்தரிக்காய் வெப்பப் பிரதேசத்துச் செடி, 10 டிகிரிக்குக் கீழே பல நாள் வைத்தால் குளிர் தாக்கி செல்கள் உடைகின்றன. தோலில் சின்னச் சின்னப் பள்ளம், உள்ளே பழுப்புச் சதை, கறுத்த விதை, நீங்கள் சொன்னது அப்படியே அதுதான். பழுப்பு லேசாக இருந்து காய் கெட்டியாக, கெட்ட வாடை இல்லாமல் இருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுச் சமைக்கலாம், ருசி கொஞ்சம் குறையும். சதை முழுக்கப் பழுப்பாகிக் கொழகொழவென்று நீர் கோத்திருந்தால் நீங்கள் செய்ததுதான் சரி, தூக்கிப் போடுங்கள். அடுத்த முறை வாங்கினால் வெளியிலேயே நிழலான இடத்தில் வைத்து இரண்டு மூன்று நாளில் சமைத்துவிடுங்கள். உருளைக்கிழங்கை இருட்டில் வையுங்கள், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் வேண்டாம். ஒரு ஓரத்தில் மட்டும் லேசாகப் பச்சை தெரிந்தால் அதையும் அடியில் ஒரு விரற்கடை சதையையும் சேர்த்து வெட்டி எறியலாம். பச்சை பரவலாக இருந்தாலோ, முளை நீண்டு கிழங்கு சுருங்கியிருந்தாலோ முழுக் கிழங்கும் குப்பைக்குத்தான்.