இரண்டு தேர்வின் சராசரி: மறுதேர்வில் எவ்வளவு எடுக்க வேண்டும்?

முதல் தேர்வில் 46 எடுத்தேன். தேர்ச்சிக்கு 60 வேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்காம். மறுதேர்வில் 60 எடுத்தால் போதாதா?

போதாது. 46-உம் 60-உம் சேர்ந்தால் 106, அதில் பாதி 53தான். இலக்கை இரண்டால் பெருக்கி, முதல் மதிப்பெண்ணைக் கழியுங்கள்: 120 − 46 = 74. இதையே மனக்கணக்காகவும் போடலாம். முதல்முறை 60-க்கு 14 குறைந்தது. இரண்டாம் முறை அதே 14 கூடுதலாக வந்தால்தான் சமன் ஆகும்.

73 எடுத்தால் சராசரி 59.5. அரை மதிப்பெண்ணை மேலே ஏற்றிக் கொடுக்கும் விதி இருந்தால் அது 60 ஆகிவிடும். தசமத்தை வெட்டிவிடும் விதி என்றால் 59-இல் நிற்கும். எது உங்கள் விதி என்று எழுத்தில் பார்க்கும்வரை 74 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 52. சராசரி 80 கொண்டுவர முடியுமா?

முடியாது. 160 − 52 = 108 வேண்டும், தேர்வோ 100-க்குத்தான். நூற்றுக்கு நூறு எடுத்தாலும் சராசரி 76. இலக்கின் இருமடங்கில் 100-ஐக் கழித்தால் 60 வருகிறது; முதல் மதிப்பெண் அதற்குக் கீழே இருந்தால் 80 கைக்கு எட்டாது. அடுத்த கிரேடு 70-இல் தொடங்குகிறதென்றால் அதற்கு 88 தேவை. கடினம்தான், ஆனால் நடக்கக்கூடியது.

தேர்வுக்கு 40 சதவீதம், உள்மதிப்பீட்டுக்கு 60 சதவீதம். உள்மதிப்பீட்டில் 72, முதல் தேர்வில் 38. பாடத்தில் மொத்தம் 65 வர வேண்டும். எப்படிக் கணக்கிடுவது?

பலரும் தடுமாறும் இடம் இதுதான். 65-ஐ இருமடங்காக்கி 38-ஐக் கழித்து, 92 வேண்டும் என்று பயந்துவிடுகிறார்கள். 65 என்பது பாடத்தின் இலக்கு, தேர்வின் இலக்கு அல்ல. முதலில் தேர்வுக்கான இலக்கைப் பிரித்தெடுக்க வேண்டும்.

உள்மதிப்பீட்டில் கையில் இருப்பது 72-இன் 60 சதவீதம், அதாவது 43.2. 65-க்கு இன்னும் 21.8 வேண்டும். தேர்வு தரக்கூடிய உச்சம் 40, அதில் 21.8 என்பது 54.5 சதவீதம். ஆக, இரண்டு தேர்வின் சராசரி 54.5 ஆக வேண்டும். 109 − 38 = 71. இதுதான் விடை.

சரிபார்த்துவிடலாம்: 38-உம் 71-உம் சேர்ந்து சராசரி 54.5, அதில் 40 சதவீதம் 21.8, 43.2-ஐக் கூட்டினால் 65.

சில இடங்களில் தேர்வுக்குப் பதில் பாடத்தின் மொத்த மதிப்பெண்களைச் சராசரி எடுப்பார்கள். உள்மதிப்பீடு மாறாமல் அப்படியே தொடர்ந்தால் அங்கும் விடை 71தான். ஆனால் முதல் மொத்தமான 58.4-ஐ 58 என்று முழுமையாக்கிப் பதிந்திருந்தால், இரண்டாம் மொத்தம் 72 வர வேண்டும். அந்த மொத்தத்தை முழுமையாக்காமலோ தசமத்தை வெட்டியோ எடுத்தால் தேர்வில் 72 தேவைப்படும்; அதையும் அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றினால் 71.6 என்பது 72 ஆகிவிடும், தேர்வில் 71 போதும். உள்மதிப்பீட்டையும் புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் கதையே வேறு: அதில் வரும் புது மதிப்பெண்ணை வைத்துத்தான் கணக்கிட முடியும். முழுமையாக்குவது எந்தக் கட்டத்தில், கடைசியிலா நடுவிலா என்று கேட்டுவையுங்கள்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. மறுதேர்வில் கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் பாடத்தில் 0.2 மட்டுமே சேர்க்கும். பாதி சராசரியில் போகிறது, மீதியில் 40 சதவீதம்தான் நிற்கிறது.

முதல் தேர்வு 80-க்கு, அதில் 52. மறுதேர்வு 50-க்கு. சராசரி 75 சதவீதம் வேண்டும்.

மதிப்பெண்களை நேரடியாகக் கூட்டாதீர்கள். முதலில் சதவீதம்: 52/80 என்பது 65. 150 − 65 = 85 சதவீதம். 50-இல் அது 42.5, அரை மதிப்பெண் கொடுக்காத தேர்வென்றால் 43. இரண்டுக்கும் சம எடை என்றால் மட்டுமே இது பொருந்தும்.

ஏற்கெனவே 68 இருக்கிறது. மறுதேர்வு எழுதினால் நட்டமாகுமா?

68-க்கு மேல் எவ்வளவு வந்தாலும் லாபம், கீழே போனால் நட்டம். இரண்டிலும் பாதிதான் சராசரியில் தெரியும். 78 எடுத்தால் 73, 58 எடுத்தால் 63. எனவே 68-ஐத் தாண்டுவோமா என்பதை விட, அடுத்த கிரேடின் எல்லையைத் தொடுவோமா என்று பாருங்கள். எல்லை 75 என்றால் 82 வேண்டும். 80 எடுத்தால் சராசரி 74, கிரேடு நகராது.

பதிவுசெய்துவிட்டுப் போகாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. வராதவர்களுக்கு 0 போட்டுச் சராசரி எடுக்கும் விதியிருந்தால் 68 அப்படியே 34 ஆகிவிடும். எழுதப்போவதில்லை என்று முடிவெடுத்தால், கடைசித் தேதிக்குள் பதிவை ரத்து செய்துவிடுங்கள்.