மருமகளுக்கு மாமன் சொல்லும் வாழ்த்து

வணக்கம். அக்கா மகளுக்கு அடுத்த மாதம் மஞ்சள் நீராட்டு விழா. எட்டாவது படிக்கிறாள், பள்ளியில் கபடி ஆடுகிறாள். தாய்மாமனான நான்தான் சீர் கொண்டுபோகிறேன். சீர்த்தட்டில் வைக்க ஒரு வாழ்த்து எழுத வேண்டும், மைக்கிலும் பேசச் சொல்வார்கள். என்ன சொல்லலாம்?
ஒரு தாய்மாமன், உசிலம்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

இப்படிப்பட்ட வாழ்த்துகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றன. ‘பருவமெய்திய தேவதையே’, ‘பூத்துக் குலுங்கும் மலரே’ என்று அந்தப் பிள்ளையின் உடம்பைப் பேசிவிடுகிறோம். மணையில் உட்கார்ந்திருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளை, ஊரே பார்க்கும்போது இதைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும். ‘தீர்க்க சுமங்கலியாக இரு’, ‘சீக்கிரம் மணமாலை சூட வேண்டும்’ என்பதும் இந்த விழாவுக்குப் பொருந்தாது. ‘மருமகளே’ என்பது அக்கா மகளுக்கு உரிய முறைப்பெயர்தான். ஆனால் மைக்கில் சொன்னால் கூட்டத்தில் யாராவது கல்யாணக் கேலியை ஆரம்பிப்பார்கள். அங்கே அவள் பெயரைச் சொல்லியோ, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியோ கூப்பிடுங்கள்.

நீங்கள் கொண்டுபோன பட்டுப்புடவையை உடுத்தி வந்து அவள் மணையில் உட்கார்ந்ததும் மாலை போடுவீர்கள். நலங்கு தொடங்குவதற்கு முன்னால் உள்ள அந்தச் சின்ன இடைவெளிதான் பேச ஏற்ற நேரம். கழுத்தில் கனத்த மாலையும் முகத்தில் வீடியோ விளக்கின் சூடுமாக இருப்பாள், அதனால் ஐந்தாறு வாக்கியம் போதும். முதல் வாக்கியம் மச்சான் வீட்டுப் பெரியவர்களுக்கு. மற்றதெல்லாம் அவளைப் பார்த்து. சீர் விவரத்தை வாழ்த்தோடு கலக்க வேண்டாம், வாழ்த்து மொய் வாசிப்பது போல ஆகிவிடும்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“அக்கா வீட்டுப் பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம். அம்மாடி, கபடியில மூச்சுப் பிடிச்சுக் கோட்டைத் தொட்டுட்டு வர்ற பிள்ளை நீ. அந்தத் தைரியம் எப்பவும் உன்கூட இருக்கணும். உடம்புக்கு முடியலைன்னா கூச்சப்படாம சொல்லு, ஆட்டத்தை மட்டும் விட்டுடாத. நீ எவ்வளவு படிக்க ஆசைப்படுறியோ அவ்வளவுக்கும் மாமா துணையா நிப்பேன். நல்லா இரு தங்கம்.”

கபடி வரி அவளுக்கென்றே உள்ளது, வேறு பிள்ளைக்குப் பொருந்தாது. படிப்பைப் பற்றிய வரி ஒரு வாக்குறுதி, செய்ய முடிந்தால் மட்டும் சொல்லுங்கள். விழாவுக்குப் பிறகு வெளியே விளையாட அனுப்பத் தயங்குகிற வீடுகள் உண்டு. ஆட்டத்தை விடாதே என்று தாய்மாமன் சபையில் சொன்னால் அது வீட்டிலும் எடுபடும். அக்காவிடமும் மச்சானிடமும் முதல் நாளே பேசிவிட்டுச் சொல்லுங்கள்.

அட்டையில் இதையே உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். மஞ்சள் குங்குமத் தட்டில் வைத்தால் கறைபடும். புடவை மடிப்பில் வைத்தால் உடுத்தப் பிரிக்கும்போது விழுந்து காணாமல் போகும். ஒரு உறையில் போட்டு வளையல் பெட்டிக்குள் வையுங்கள், சாயங்காலம் அவளே எடுத்துப் படிப்பாள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ பிளக்ஸ் பேனரிலோ அவள் படத்தைப் போடுவதாக இருந்தால் அவளிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். அவள் வேண்டாம் என்றால் மண்டப வாசலுக்கு வரவேற்பு வரியும் கோலமும் போதும்.