நிரப்பிய வானம் மட்டும் வெளிச்சமாகத் தெரிவது ஏன்?

கேள்வி: ProPhoto RGB, 16 பிட் படத்தில் வானத்தின் ஒரு பகுதியை ஏஐ கருவியால் நிரப்பினால் அந்த இடம் மட்டும் வெளிச்சம் கூடி, திட்டுப்போலத் தெரிகிறது. பிட் குறைவதுதான் காரணமா?

இல்லை. பிட் ஆழம் குறைந்தால் வானத்தில் படிப்படியான பட்டைகள் தெரியலாமே தவிர, ஒட்டுமொத்த வெளிச்சம் ஏறாது. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, எந்த எண் எந்த நிறத்தைக் குறிக்கிறது என்று வரையறுக்கும் நிறவெளியைத்தான்.

18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் சாம்பல் அட்டை ஒன்று படத்தில் இருப்பதாகக் கொள்வோம். 8 பிட் அளவில் அதன் எண் sRGB-யில் 118. ProPhoto RGB-யின் காமா 1.8 என்பதால் அங்கே அதே சாம்பலுக்கு 98. படம் முறையாக sRGB-க்கு மாற்றப்பட்டுக் கருவிக்குச் சென்று, நிரப்பிய துண்டு நிற புரொஃபைல் இல்லாத PNG கோப்பாகத் திரும்பி வந்து, அதிலுள்ள 118 அப்படியே ProPhoto படத்தில் ஒட்டப்பட்டால், அது 25 விழுக்காடு ஒளியாகக் கொள்ளப்படும். ஏறக்குறைய அரை ஸ்டாப் வெளிச்சம் இப்படித்தான் கூடுகிறது. அகன்ற நிறவெளியில் அதே எண்கள் மேலும் செறிவான நிறத்தைக் குறிப்பதால் நீலமும் தூக்கலாகிறது.

இதற்குத் தீர்வு, துண்டைத் தனிக் கோப்பாகத் திறந்து, முதலில் Assign Profile மூலம் அதை sRGB என்று அடையாளப்படுத்தி, அதன் பிறகு Convert to Profile மூலம் ProPhoto-வுக்கு மாற்றி ஒட்டுவதாகும். முதல் கட்டளை எண்களைத் தொடாமல் அவற்றின் பொருளை மட்டும் சொல்கிறது; இரண்டாவது, தோற்றத்தைக் காப்பாற்றுவதற்காக எண்களை மாற்றுகிறது. வரிசை மாறினால் பிழை நீங்காது.

சாம்பல் பகுதிகள் சரியாகப் பொருந்தி, அந்திச் செம்மஞ்சள் போன்ற அடர்நிறங்கள் மட்டும் மங்கியிருந்தால் காரணம் வேறு: அந்த நிறங்கள் sRGB எல்லைக்குள் அடங்காமல் வெட்டுப்பட்டுவிட்டன. திரும்ப மாற்றினாலும் அவை மீளா. கையால் செறிவேற்றத்தான் வேண்டும்.

புரொஃபைல் சரியாக இருந்தும் சிறு வேறுபாடு எஞ்சினால், படத்தை உருவாக்கும் ஏஐ மாதிரியைச் சந்தேகிக்கலாம். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் தொடக்கப் பதிப்புகள் 512×512 படத்தை 64×64 அளவில் நான்கு அடுக்குகளாகச் சுருக்கி, பிறகு விரிக்கின்றன. அந்தச் சுருக்கத்தில் நிறம் சற்றே நகர்கிறது. நிரப்பக் குறித்த முகமூடிக்கு வெளியே, மூலப் படத்தையும் கருவி தந்த முழுப் படத்தையும் Difference முறையில் ஒப்பிட்டால், தொடக்கூடாத இடங்களும் நகர்ந்திருப்பது தெரியும். அந்த அளவைக் கொண்டு துண்டின் Curves-ஐ ஒவ்வொரு வண்ணச் சேனலாகத் திருத்துவதே நான் நம்பும் வழி. விளிம்பை மங்கலாக்குவது வேறுபாட்டைப் பரப்புமே தவிர நீக்காது.

பிட் ஆழத்தின் பாதிப்பு பின்னால்தான் வெளிப்படுகிறது. 2000 பிக்சல் அகலத்தில் 20 அளவுகள் மட்டுமே மாறும் வானம், 8 பிட்டில் 100 பிக்சலுக்கு ஒரு படியாக வரும். மாறுபாட்டைக் கூட்டும்போது அந்தப் படிகள் கண்ணுக்குத் தெரியும். கோப்பை 16 பிட் ஆக்குவதால் இடைப்பட்ட அளவுகள் பிறப்பதில்லை. ஆகவே பெரிய ஒளித் திருத்தங்களை நிரப்புவதற்கு முன்பே முடித்துவிட்டு, துண்டை 16 பிட்டுக்கு மாற்றிய பின், சுற்றியுள்ள வானத்தின் மணித்தன்மைக்கு இணையான நாய்ஸை அதில் சேருங்கள்.